யாருடைய குரலையும் குறைக்காமல்

சனிக்கிழமை பின்னேரம் நாலரை மணிக்கு உட்துறைமுகப் பக்கமாக நடந்து போனேன். மூதூர்ப் படகுத் துறையில் இருந்து வந்த சனம் பஸ் நிலையத்தை நோக்கி விரைந்துகொண்டிருந்தது. திருகோணமலையில் மான்கள் ஊர் மாடுகளைப் போலத் திரியும். இரண்டு மான்கள் ஒரு மதிலோரம் வாழைப்பழத்தோல் தேடின. அந்த மதிலுக்கு உள்ளேதான் நான் போகவேண்டிய சிறிய தேவாலயம் இருந்தது.

என்னைக் கூப்பிட்டவர் பாடகர் குழுவை நடத்தும் அக்கா. சபையில் பாதிப் பேருக்குக் கனடாவிலும் லண்டனிலும் பிள்ளைகள். ஞாயிறு ஆராதனையில் பாடும் கீர்த்தனைகளைப் போனில் பதிந்து அனுப்புகிறார்கள். அண்மையில் ஒரு மகளிடமிருந்து பதில் வந்ததாம்: பாட்டு நல்லாயிருக்கு, ஆனால் அம்மாட குரல் எங்க? ஒலிப்பதிவு என் தொழில் என்பதால் அக்கா என்னிடம் கேட்டார், "தம்பி, எங்கட போன் சரியில்லையோ?"

வாசல் படியில் இருந்துகொண்டே அந்தப் பழைய பதிவை ஹெட்போனில் கேட்டேன். முதல் வரி முடிவதற்குள் ஓர் ஆண் குரலைத் தனியாகப் பிடித்துவிட முடிந்தது. கனமான, திடமான குரல். மற்றவர்கள் அதற்குப் பின்னால் புகைபோல இருந்தார்கள். என் முதல் சோதனை எப்போதும் இதுதான். ஒரு சபைப் பாட்டில் முதல் வரியிலேயே ஒருவரைப் பெயர் சொல்லி அடையாளம் காட்ட முடிந்தால், போன் பிழையான இடத்தில் இருந்திருக்கிறது.

"இவர் ஆர்?" என்று கேட்டேன். அக்கா சிரித்தார். துறைமுகத்தில் வேலை செய்து ஓய்வுபெற்ற ஐயா ஒருவர். கப்பலுக்கும் கரைக்கும் இடையே கூப்பிட்டுக் கூப்பிட்டு வளர்ந்த குரல். இரண்டாவது வாங்கில் இருப்பார். போனை முதலாவது வாங்கின் சாய்மானத்தில் வைத்துத்தான் பதிந்திருந்தார்கள்.

"அவரைக் கொஞ்சம் மெதுவாப் பாடச் சொல்லலாம். ஆனா எனக்கு மனமில்லை" என்றார் அக்கா. எனக்கும் மனமில்லை. நாற்பது வருடமாக ஓர் ஆள் அப்படித்தான் பாடுகிறார். குரலைத் தொடாமல் போனை நகர்த்துவதே வழி.

அதே பதிவில் இன்னொரு குறையும் இருந்தது. கீர்த்தனை என்ற வடிவத்தில் பல்லவியும் சரணங்களும் மாறி மாறி வரும். தஞ்சாவூர் வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) போன்றவர்கள் கர்நாடக இசையின் அமைப்பிலேயே கிறிஸ்தவக் கீர்த்தனைகளை அமைத்தார்கள். இந்தச் சபையில் சரணத்தை ஒருவர் இருவர் பாட, பல்லவிக்கு எல்லோரும் சேர்வது வழக்கம். அந்தச் சேர்க்கையில்தான் பாட்டு எழும்பும். பதிவிலோ தனிக்குரல் பாடும் சரணமும் அறுபது பேர் பாடும் பல்லவியும் ஒரே அளவு சத்தமாக இருந்தன. சரணத்துக்கும் பல்லவிக்கும் இடையே பாட்டு நிற்கும் அந்த ஒரு நொடியில் மின்விசிறியின் இரைச்சல் அலைபோல மேலெழும்பி, பல்லவி தொடங்கியதும் அமுங்கியது. போன் தானாகவே ஒலியைக் கூட்டிக் குறைக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் இல்லை. பெரிய சத்தம் வந்தால் முழுப் பதிவையும் அமுக்கும். அமைதி வந்தால் எல்லாவற்றையும் தூக்கும். ஐயா ஒரு சொல்லை அழுத்திப் பாடும்போதெல்லாம் மற்ற அத்தனை பேரும் அவரோடு சேர்ந்து அமுக்கப்பட்டார்கள். அம்மாவின் குரல் அங்கேதான் தொலைந்தது.

உள்ளே போனோம். காலடி வைத்து அளந்தேன்: நீளம் பதினெட்டு மீட்டர் வரும், அகலம் ஒன்பது. ஓட்டுக்கூரை, சீமெந்துத் தரை, இரு பக்கமும் திறந்த யன்னல்கள். நடுவில் ஒரு நடைபாதை, இரு பக்கமும் வாங்குகள். முன்னால் பீடத்துக்கு இரு பக்கமும் சுவரில் இரண்டு ஒலிபெருக்கிகள், அருகே கீபோர்ட். பயிற்சிக்குப் பன்னிரண்டு பேர் வந்திருந்தார்கள், ஐயாவும் வந்திருந்தார். எல்லோரையும் ஞாயிற்றுக்கிழமை இருக்கும் இடங்களில் பரவலாக இருந்து பாடச் சொன்னேன்.

அவர்கள் பாட, நான் ஒரு காதை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு நடைபாதையில் மெதுவாக நடந்தேன். இரண்டு காதும் திறந்திருந்தால் மூளை தனக்கு வேண்டிய குரலைத் தேடிப் பிடித்துக்கொள்ளும். எந்த இடத்தில் நின்றாலும் பரவாயில்லை என்று தோன்றும். ஒற்றைக் காதுக்கு அந்தச் சாமர்த்தியம் குறைவு. ஏறக்குறைய போன் கேட்பதுபோலக் கேட்கும்.

முதலாவது வாங்கடியில் ஐயாவும் கீபோர்டும் மட்டும். ஐந்தாவது வரிசையில் பாடகர் குழுப் பெண்கள் தெளிந்தார்கள், ஆனால் பின்வாங்கு ஆட்கள் ஒரு நிழல்போல, பிந்தி வந்தார்கள். இந்தப் பிந்தலைக் கொஞ்சம் விளக்கவேண்டும். ஒலி ஒரு நொடிக்கு ஏறத்தாழ 350 மீட்டர் ஓடும். முன்னாலிருந்து பதினெட்டு மீட்டர் பின்னுக்குப் போக நொடியில் இருபதில் ஒரு பங்கு பிடிக்கும். பின்வாங்கில் இருப்பவர் முன்னால் கேட்பதை வைத்துத்தான் பாடுகிறார். ஆகவே அவர் அவ்வளவு பிந்தித் தொடங்குகிறார். அவருடைய குரல் மறுபடி முன்னுக்கு வர இன்னும் அதே அளவு நேரம். முன்னால் வைத்த போனுக்கு அவர் நொடியில் பத்தில் ஒரு பங்கு பிந்திப்போனவர். பல்லவியின் ஒவ்வொரு சொல்லும் இரண்டு முறை சொன்னதுபோலக் குழம்பும். ஆனால் பின்னால் போகப் போக இந்த இடைவெளி சுருங்குகிறது. கடைசி வாங்கடியில் நின்றால் முன்குரலும் பின்குரலும் ஒன்றாகவே வந்து சேரும், ஏனெனில் பின்னால் இருப்பவர் முன்குரல் தன்னிடம் வந்த அதே நேரத்தில்தான் வாய் திறக்கிறார்.

அப்படியானால் கடைசிச் சுவரில் வைத்துவிடலாமே என்று தோன்றும். போய் நின்று பார்த்தேன். சேர்ந்து வந்தது உண்மை, ஆனால் சொற்கள் மங்கிவிட்டன. மனிதரின் குரலில் க, ச, த போன்ற எழுத்துகளின் கூர்மை முன்பக்கம்தான் போகும். முதுகுப் பக்கம் கனத்த ஓசை மட்டும் சுற்றி வரும். பின்சுவரில் நின்றால் சபை முழுவதும் எனக்கு முதுகு காட்டுகிறது. போதாததற்கு ஓட்டுக்கூரையின் எதிரொலி.

முன்னுக்கும் பின்னுக்கும் மூன்று தடவை நடந்த பிறகு ஓரிடத்தில் கால் நின்றது. பீடத்திலிருந்து பதினோரு மீட்டர், கடைசிச் சுவரிலிருந்து ஏழு மீட்டர். அங்கே ஐயா எட்டு மீட்டர் தள்ளி இருந்தார், அதுவும் முதுகு காட்டிக்கொண்டு. அவருடைய குரலின் கூர்மை பீடத்தை நோக்கிப் போனது, எனக்கு வந்தது அதன் அடிநாதம் மட்டும். பின்வாங்குகளில் இருந்த மெல்லிய குரல்களோ என்னைப் பார்த்துப் பாடின. உரத்தவர்கள் முதுகு காட்டவும் மெல்லியவர்கள் முகம் காட்டவும் ஓர் இடம் இருந்தால், பாதிச் சமநிலை தானாகவே வந்துவிடுகிறது. எல்லாச் சபையிலும் உரத்த குரல்கள் முன்னால்தான் இருக்கும் என்று சொல்லமாட்டேன். இங்கே அப்படி அமைந்தது.

பாடுகிறவர்கள் வட்டமாகவோ சதுரமாகவோ ஒருவரை ஒருவர் பார்த்து இருந்தால் இந்தச் சிக்கலே இல்லை. அமெரிக்காவின் தென்மாநிலங்களில் சேக்ரட் ஹார்ப் என்ற சபைப் பாட்டு மரபில் நான்கு பாகக் குரல்களும் சதுரத்தின் நான்கு பக்கங்களில் உள்முகமாக இருந்து பாடுவார்கள். நாட்டுப்பாடல் சேகரிப்பாளர் ஆலன் லோமாக்ஸ் அவர்களை 1942இல் பதிந்தார். 1959இல் அலபாமாவின் ஃபைஃப் என்ற ஊருக்கு ஸ்டீரியோக் கருவியோடு மறுபடி போய்ப் பதிந்தார். அந்தச் சதுரத்தின் நடுவில் நிற்பவருக்கு எல்லாக் குரல்களும் முகம் காட்டும். நமது வாங்குகள் எல்லாம் பீடத்தைப் பார்க்கின்றன, அதை மாற்ற முடியாது.

இடம் கிடைத்தது. உயரம் பாக்கி. அக்காவிடம் நிலத்தில் சோக்கால் கோடு போட்டுக் காட்டினேன். போனை ஓர் ஆளின் வாய் உயரத்தில் வைத்தால், பக்கத்து வாங்கின் ஓரத்தில் நிற்பவர் ஒரு மீட்டர் தூரம், கடைசி வரிசையில் நிற்பவர் ஆறு மீட்டர். ஆறு மடங்கு வித்தியாசம். தூரம் இரட்டிக்கும் ஒவ்வொரு முறையும் நேராக வரும் ஒலி 6 டெசிபெல் குறையும். அந்தக் கணக்கில் இருவருக்கும் இடையே 15 டெசிபெலுக்கு மேல் வந்துவிடும். கிட்ட நிற்பவர் மட்டுமே பாடுவதுபோல இருக்கும். அதே போனை வாய் மட்டத்திலிருந்து இரண்டு மீட்டர் உயர்த்தினால் கிட்டவருக்குத் தூரம் 2.2 மீட்டராகக் கூடுகிறது, கடைசி ஆளுக்கு 6.3 மீட்டர்தான். வித்தியாசம் மூன்று மடங்குக்கும் குறைவு, 9 டெசிபெல். எந்தச் செயலியாலும் செய்ய முடியாத வேலையை இரண்டு மீட்டர் உயரம் செய்துவிடுகிறது.

"போனை ஒரு பக்கம் திருப்பி வைச்சா?" என்று பாடகர் குழுப் பெண் ஒருவர் கேட்டார். போனின் மைக் பெரும்பாலும் எல்லாப் பக்கமும் ஒரேயளவு கேட்கும். திருப்பிப் பயனில்லை, தூக்கவேண்டும்.

பின்வளவில் கூரை ஒட்டடை அடிக்கிற மூங்கில் தடி ஒன்று கிடந்தது, நான்கு மீட்டருக்கு மேல். அதை நடைபாதையோர வாங்கின் காலோடு இரண்டு இடத்தில் கயிற்றால் இறுக்கிக் கட்டினோம். ஆட்களின் தலைக்கு மேல் சரியாதபடி நிமிர்த்தி, இழுத்தும் பார்த்தேன். தடியின் அடியில் நாலாக மடித்த பழைய சாரம் ஒன்றை வைத்தோம். இல்லாவிட்டால் வாங்கை இழுப்பதும் கால் தட்டுவதும் மரத்தின் வழியாக ஏறிப் போனுக்குள் இடிபோல விழும். உச்சியில் இறப்பர் பட்டிகளால் போனைக் கட்டினேன், சார்ஜ் போடும் ஓட்டைப் பக்கம் கீழே பார்க்க. அங்கேதான் பிரதான மைக் இருக்கும். பட்டியோ போன் உறையோ அந்தச் சிறு துவாரத்தை மூடக்கூடாது.

துவாரத்துக்கு மேல் ஒரு மெல்லிய கைக்குட்டையைத் தளர்வாகச் சுற்றினேன். இதை நான் படித்த இடம் கோணேசர் கோயில். சம்பந்தரின் மூன்றாம் திருமுறைத் திருக்கோணமலைப் பதிகத்தைக் கூட்டமாகப் பாடுவதைச் சுவாமிமலை உச்சியில் ஒருநாள் பதிந்தேன். கடல் காற்றுக்கு மைக் வெறுமையாக இருந்தது. வீடு வந்து கேட்டால் காற்று மட்டும்தான் பாடியிருந்தது. காற்று மைக்கில் மோதிய பதிவை முழுதாகத் திருத்த முடியாது.

போனுக்குள் செய்தவை குறைவு. ஒலியைத் தானாகக் கூட்டிக் குறைப்பதையும் இரைச்சல் நீக்கத்தையும் அணைக்க இடம் தரும் ஒரு பதிவுச் செயலியை எடுத்தேன். அன்ட்ரொயிட் போன்களில் சில செயலிகள் மைக் தெரிவில் `Unprocessed` என்று காட்டும். போன் அதற்கு இடம் கொடுத்தால் அதுதான் வேண்டியது. ஐபோனின் Voice Memos செயலியில் அப்படி ஒரு தெரிவு இல்லை, ஆனாலும் அமைப்புகளில் Audio Quality என்பதை Lossless ஆக்கலாம். கோப்பு வகை WAV, 48 kHz. நாலு நிமிடப் பாட்டு ஸ்டீரியோவில் ஏறத்தாழ 46 MB வரும். பின்பு விமானப் பயன்முறை. இரைச்சல் நீக்கத்தை ஏன் அணைக்கவேண்டும் என்றால், ஒரே சீராக, மெல்லியதாக, தூரத்திலிருந்து வரும் எதையும் அது இரைச்சல் என்றே எண்ணும். கடைசி வாங்கில் முணுமுணுத்துப் பாடும் ஓர் ஆச்சியின் குரல் சரியாக அப்படித்தான் இருக்கும்.

ஒலிமட்டத்தைப் பயிற்சியிலேயே வைத்துவிட்டால் ஞாயிறு ஏமாற்றும். பன்னிரண்டு பேர் பாடியபோது முள் −24இல் ஆடியது. அறுபது பேர், அதுவும் கடைசிப் பல்லவிக்கு எழும்பி நின்று பாடும்போது எவ்வளவு கூடும் என்று கணக்குப் பார்த்து, மிக உரத்த இடம் −12ஐத் தாண்டாதபடி இடம் விட்டேன். பூச்சியத்தைத் தொட்டால் குரல் கிழியும். குறைவாகப் பதிந்ததைப் பிறகு உயர்த்தலாம், கிழிந்ததை ஒட்ட முடியாது.

பாக்கி இருந்தது ஒலிபெருக்கி. உண்மையில் பாதிப் பிரச்சினை அதுதான். சரணம் பாடுபவரின் மைக் இரண்டு பெட்டிகளின் வழியாகச் சபையைப் பார்த்து முழங்குகிறது. நான் எந்த உயரத்தில் போனை வைத்தாலும் அது எல்லோருக்கும் மேலே நிற்கும். அம்ப்ளிஃபையரைப் பார்க்கும் தம்பியிடம் பேசினேன். சரணத்துக்கு மட்டும் பாதி ஒலி, பல்லவி தொடங்கியதும் மைக்கை மூடிவிடுவது என்று ஒத்துக்கொண்டார். போதகரிடம் ஒரு பாட்டுக்கு மட்டும் மின்விசிறிகளை நிறுத்தலாமா என்று கேட்டேன். வைகாசி வெக்கை. கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஒரு பாட்டுத்தானே, தாங்குவம்" என்றார்.

ஞாயிறு காலை. சனம் வந்து தடியை நிமிர்ந்து பார்த்தது. சின்னப் பிள்ளைகள் போய்த் தொட்டுப் பார்த்தார்கள். முதல் பாட்டை மின்விசிறியோடே, சும்மா பரீட்சையாகப் பதிந்தேன். பாட்டு முடிந்து வேத வாசிப்பு நடக்கையில் யன்னலோரம் போய் ஒரு காதில் கேட்டேன். ஐயா காணாமல் போயிருந்தார், சபைக்குள் கரைந்திருந்தார். ஆனால் புதிதாக ஒருவர் முளைத்திருந்தார்: தடிக்கு நேர் கீழே நின்ற ஓர் இளைஞர். அவர் கையில் தாளம். குரலை உயரம் சமப்படுத்தும், ஆனால் பித்தளைத் தாளத்தின் கூர்மையை இரண்டு மீட்டர் உயரம் தணிக்காது. அவர் தட்டும் ஒவ்வொரு தட்டுக்கும் முள் துள்ளியது.

அவரிடம் தட்டாதீர்கள் என்று சொல்லவில்லை. "தம்பி, முன்னுக்கு கீபோர்டடிக்குப் போய்த் தட்டுவீங்களா? அங்கதான் காலம் பிடிக்க உதவி" என்றேன். அது பொய்யும் இல்லை. முன்னால் தாளம் இருந்தால் பின்வாங்குகள் குழம்பாமல் பிடித்துக்கொள்ளும். அவர் மகிழ்ச்சியோடு போனார்.

மூன்றாவது பாட்டு அந்தப் பழைய கீர்த்தனை. மின்விசிறிகள் ஒவ்வொன்றாகச் சுற்றி நின்றன. திடீரென்று யன்னலுக்கு வெளியே காகங்களும் தூரத்தில் ஒரு த்ரீவீலரும் கேட்டன. முதல் சரணம் பாதி ஒலியில் வந்தது. பல்லவிக்கு மைக் மூடப்பட்டதும் ஒரு கணம் சபை தயங்கியது; தலைமைக் குரல் ஒலிபெருக்கியில் இல்லாததால், தாங்கள்தான் பாடவேண்டும் என்பது அவர்களுக்கு அப்போது புரிந்தது போலிருந்தது. பிறகு எழும்பியது. இரண்டாவது சரணத்தின் நடுவில் துறைமுகத்தில் ஒரு கப்பல் நீளமாக ஊதியது. நிறுத்தவில்லை. கடைசிப் பல்லவிக்கு எல்லோரும் எழுந்து நின்றார்கள், முள் −11 வரை போய்த் திரும்பியது.

ஆராதனை முடிந்து முன்வளவு வேப்பமரத்தடியில் தேநீர் கொடுத்தார்கள். மடிக்கணினியில் Audacity திறந்து இரண்டே வேலை செய்தேன். High-Pass Filter வைத்து 80 Hzக்குக் கீழுள்ளதை வெட்டினேன். வாங்கின் உறுமலும் வீதி லொறிகளின் அதிர்வும் போயின. பிறகு Normalize, −1 dB. சரணத்துக்கும் பல்லவிக்கும் இடையிலான ஏற்றத்தைக் கைவைக்காமல் விட்டேன். அக்காவுக்கு ஒன்றைத்தான் அழுத்திச் சொன்னேன்: வட்ஸ்அப்பில் இதைக் குரல் செய்தியாக ஒருபோதும் போனை ஸ்பீக்கருக்குக் காட்டிப் பதிந்து அனுப்பவேண்டாம், கோப்பாக, Document என்பதில் இணைத்து அனுப்புங்கள். குரல் செய்தி என்பது ஓர் ஆள் பேசுவதற்கு ஆனது. அறுபது பேரை அது மறுபடியும் ஓர் ஆளாக்கிவிடும்.

ஐயா வந்து பக்கத்தில் இருந்தார். ஹெட்போனை மாட்டிவிட்டேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முதல் பல்லவி முடிந்தபோது புருவம் சுருங்கியது.

"தம்பி, என்ர குரல் எங்க?"

"இருக்கு ஐயா. அடியில கேளுங்கோ, எல்லாருக்கும் கீழ ஒரு கனம் ஓடுதே, அதுதான்."

மறுபடி போடச் சொன்னார். இந்த முறை தலையை மெதுவாக ஆட்டினார். கடைசிப் பல்லவியில் கையை உயர்த்தி என்னை நிறுத்தச் சொன்னார். பத்து நொடி பின்னுக்கு எடுத்துப் போடச் சொன்னார். எல்லோரும் பல்லவியின் கடைசிச் சொல்லை முடித்த பிறகு, அதே சொல்லை ஒரு மெல்லிய குரல் தனியாக, அரை மாத்திரை பிந்தி முடிக்கிறது.

"கடைசி வாங்கு ஆச்சி" என்றார் ஐயா. "முப்பது வருசமா ஒரே சபை. அவ பாடுறதை நான் இண்டைக்குத்தான் கேக்கிறன்."

மகளுக்கு அனுப்பும் கோப்பு அதுதான் என்று அக்கா சொன்னார். அந்தச் சொல்லை வெட்டி நேராக்கவா என்று கேட்க வாயெடுத்தேன், கேட்கவில்லை. தடியை அவிழ்க்கப் போனபோது, வாங்கடியில் தடி நின்ற இடத்தைச் சுற்றி யாரோ ஏற்கெனவே சோக்கால் வட்டம் போட்டிருந்தார்கள்.